காதுகுத்துக்கு லீவு உண்டு, வைவாவுக்குக் கிடையாதா?

எங்கள் துறையில் ஒரு விடுப்புப் பதிவேடு இருக்கிறது. நீளமான நோட்டு. பெயர், தேதி, நாட்கள், காரணம், மாற்று ஏற்பாடு, முதல்வர் கையெழுத்து என்று கட்டங்கள். அந்த நோட்டைப் புரட்டினால் காரணம் என்ற கட்டத்தில் என்னென்னவோ இருக்கும். குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகம், இரண்டு நாள். மைத்துனர் மகள் காதுகுத்து, ஒரு நாள். ஊர்த் திருவிழா, மூன்று நாள். எல்லாவற்றுக்கும் நேராகப் பச்சை மையில் கையெழுத்து.

கடந்த ஆண்டு நவம்பரில் நான் எழுதியது இது: "முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு, 3 நாட்கள்." அதற்கு நேராக மட்டும் பச்சை மை விழவில்லை. பென்சிலால் ஒரே ஒரு சொல். "டிஸ்கஸ்."

என்ன விவாதிக்க வேண்டும்? காதுகுத்துக்கு யாரும் யாரையும் கூப்பிட்டு விவாதித்ததில்லை. ஏழு ஆண்டு உழைப்பின் கடைசி நாளுக்கு மட்டும் ஏன் விவாதம்? இந்தக் கட்டுரை அந்தப் பென்சில் சொல்லைப் பற்றியது.

முதல்வர் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். "ஏம்மா, செமஸ்டர் பரீட்சை நேரத்துல மூணு நாளா? வைவா ஒரு மணி நேரம்தானே?" என்றார். பல்கலைக்கழகம் அனுப்பிய அறிவிப்பை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "தேதிய மாத்திக்க முடியாதா? டிசம்பர்ல லீவு வருதே" என்றார். நான் குறித்த தேதி இல்லை சார் என்றேன். "சரி, இப்பல்லாம் ஆன்லைன்ல நடத்தலாமாமே. காலைல கண்காணிப்புப் பணி முடிச்சிட்டு, நம்ம லேப்லயே உட்கார்ந்து பேசிட்டு மத்தியானம் டியூட்டிக்கு வந்துடேன்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்வதாகவே நினைத்துச் சொன்னார். அதுதான் என்னை உறுத்தியது.

இவர்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று நாளில் என்ன நடக்கிறது?

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு அது குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்களிடம் போகிறது. அவர்கள் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். சமர்ப்பித்ததிலிருந்து 6 மாதங்களுக்குள் வாய்மொழித் தேர்வு உட்பட எல்லாம் முடிய வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறை. எனக்கு 11 மாதம் ஆனது. அறிக்கைகள் வந்த பிறகு அதிலுள்ள ஒவ்வொரு கேள்விக்கும் திருத்தத்துக்கும் எழுத்தில் பதில் தயாரிக்க வேண்டும். பிறகு நெறியாளர், புறத்தேர்வாளருக்கு எந்த நாள் தோதுப்படும் என்று கேட்பார். அவர் வேறு ஊரிலிருந்து வருபவர். அவருக்கும் பரீட்சை, பயணம், கருத்தரங்கம் உண்டு. அவர் சொல்லும் நாளைத் தேர்வு அலுவலகம் ஏற்றுக்கொண்டு அறிவிப்பு வெளியிடும். இந்த வரிசையில் தேதி கடைசியாகத் தெரியவருவது ஆய்வாளருக்குத்தான். எனக்கு 12 நாள் முன்பு தெரிந்தது.

தேர்வு புதன்கிழமை. பல்கலைக்கழகம் நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து ஓர் இரவுப் பேருந்துப் பயணம். செவ்வாய்க்கிழமை நெறியாளருடன் உட்கார்ந்து பதில்களை ஒருமுறை சரிபார்த்து, அரங்கத்தையும் திரையையும் பார்த்துவைக்க வேண்டும். புதன்கிழமை தேர்வு. என் ஆய்வு செங்கல்பட்டு மாவட்டப் பஞ்சமி நிலங்களைப் பற்றியது. 1891இல் ட்ரெமென்ஹீர் அறிக்கை வந்து, 1892இல் அரசாணை பிறந்து, ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் எந்தெந்தக் கிராமத்தில் யார் கைக்கு எப்படிப் போயின என்பதுதான் கேள்வி. பதிவேட்டில் ஒரு சர்வே எண்ணை மாற்றிச் சொன்னால் மொத்த வாதமும் ஆடிப்போகும். வியாழக்கிழமை, தேர்வாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து, நெறியாளரிடம் சான்று வாங்கி, திருத்திய படியைத் தேர்வு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அன்று கொடுக்காவிட்டால் என்ன? மறுபடி ஒருநாள் விடுப்பு, மறுபடி ஓர் இரவுப் பயணம், மறுபடி பென்சிலில் "டிஸ்கஸ்." அந்தப் படி போய்ச் சேரும்வரை தற்காலிகச் சான்றிதழ் நகராது. ஆக மூன்று நாள் என்பது ஆடம்பரம் இல்லை. அதுதான் குறைந்தபட்சம்.

ஆன்லைன் தேர்வுக்கு விதியில் இடம் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கண்காணிப்புப் பணிகளுக்கு நடுவே, வெளியே விடைத்தாள் கட்டு கட்டிக்கொண்டிருக்க, கணினி அறையில் உட்கார்ந்து ஆய்வைத் தற்காப்பது என்பது என்ன? இடையில் இணையம் போனால் யார் பொறுப்பு? அறைக் கதவைத் தட்டி "மேடம், அறை 14க்கு ஆள் வரலை" என்று கூப்பிட்டால் எந்தப் புறத்தேர்வாளரிடம் காத்திருக்கச் சொல்வது? அதோடு, இந்தத் தேர்வின் பெயரிலேயே பொது என்ற சொல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கக்கூடிய திறந்த சபை அது. நம் பாட்டன்மார் நுழைய முடியாத சபைகளின் வரலாறு நமக்குத் தெரியும். அப்படி ஒரு சபையின் நடுவில் நிமிர்ந்து நின்று, என் ஊர் நிலத்தின் கதையை நான் சொல்லப் போகும் நாளை, இடைவேளையில் செய்துமுடிக்கும் வேலையாகச் சுருக்கச் சொல்கிறார்கள்.

இப்போது சட்டத்தில் உள்ள ஓட்டைக்கு வருவோம்.

வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்கிறவர், சேரும்போதே தன் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்தச் சான்றில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும் என்று அதே 2022 ஒழுங்குமுறை சொல்கிறது. ஒன்று, பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு. இரண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இவருடைய அலுவல் இடம் கொடுக்கிறது. மூன்று, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் முடிப்பதற்காக இவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்.

மூன்றாவதை மறுபடி படியுங்கள். கோர்ஸ் வொர்க்குக்கு விடுவிப்பு உண்டு. அதாவது தொடங்குவதற்கு நேரம் தருவார்கள். முடிப்பதற்கு? வாய்மொழித் தேர்வு என்ற சொல்லே அந்தச் சான்றில் இல்லை. கதவைத் திறந்துவிட்டு வெளியே போகும் வழியை எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

எழுதாமல் விட்ட அந்த இடத்தில் நிறுவனங்கள் தங்கள் வரியை எழுதிக்கொள்கின்றன. என் கல்லூரி கொடுத்த சான்றில், "இதைக் காட்டி விடுப்போ ஊதிய உயர்வோ கோரக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அப்போது எனக்கு 25 வயது. சான்று கிடைத்ததே போதும் என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அந்த ஒரு வரியின் விலை ஏழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

"தனியார் நிறுவனம் உன் படிப்புக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். என் கல்லூரியைப் பொறுத்தவரை பதில் எளிது. நாக் குழு வரும்போது, முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் எத்தனை சதவீதம் என்று காட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் என் பெயரும் ஏறும். சேர்க்கை நேரத்தில் அச்சிடும் விளம்பரத்தில் என் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் இருக்கும். என் பட்டம் கல்லூரிக்கு வேண்டும். அதை வாங்கப் போகும் மூன்று நாள் மட்டும் என் சொந்த விஷயம். விளைச்சலில் பங்கு கேட்டு, விதைநெல்லுக்குக் கைவிரிக்கும் பண்ணையாரின் கணக்கு இது.

சரி, இதில் சாதி எங்கே வருகிறது? முதல்வர் என் சாதியைச் சொல்லியா மறுத்தார் என்று கேட்கலாம். இல்லை. அவர் ஒருநாளும் அப்படிப் பேசுபவர் இல்லை.

அதே கல்லூரியில், எனக்கு இரண்டு வருடம் முன்பு இன்னொரு துறையில் ஒருவருக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. அவர் நிர்வாகத்தின் சொந்தக்காரர். தாளாளரின் தங்கை குடும்பத்தில் பெண் எடுத்தவர். அவருக்கு ஐந்து நாள் ஓ.டி. கிடைத்தது. அதாவது ஐந்து நாளும் பணி நாளாகவே கணக்கு, சம்பளப் பிடித்தம் இல்லை. சக ஆசிரியர்கள் போய்வரக் கல்லூரி வேன் போனது. திரும்பி வந்தபோது வாசலில் பிளக்ஸ் இருந்தது. நான் அதைத் தவறு என்று சொல்லவே மாட்டேன். எல்லோருக்கும் அப்படித்தான் நடக்க வேண்டும். அவர் பதிவேட்டில் விண்ணப்பம் எழுதவே இல்லை என்பதுதான் நான் கவனித்தது. அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு விசேஷத்தில் பேச்சுவாக்கில் சொன்னால் போதுமானதாக இருந்தது. அந்த விசேஷத்துக்கு எனக்கு அழைப்பு கிடையாது. எந்தக் காலத்திலும் கிடையாது.

சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. விதி எழுதப்படாத இடத்தில் சலுகை வந்து உட்காரும். சலுகை உறவு வழியாகப் போகும். இந்த நாட்டில் உறவு சாதிக்குள்தான் சுற்றிவருகிறது. எனக்கு மறுக்க யாரும் சாதிப் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை. எழுத்தில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். மற்றதை வாய்வழி ஏற்பாடு பார்த்துக்கொள்ளும். விதி இருந்தால் என்னைப் போன்றவள் அந்தத் தாளைக் காட்டிக் கேட்க முடியும். விதி இல்லையென்றால் தயவுக்கு நிற்க வேண்டும். தயவுக்கு நிற்பதில் நமக்குத் தலைமுறை அனுபவம் இருக்கிறது. போதும்.

வேலையை விட்டுவிட்டு முழுநேர ஆய்வாளராகப் போயிருக்கலாமே என்றும் சிலர் சொல்வார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை முழுநேர ஆய்வாளர்களுக்கு மட்டும்தான். அதற்குள் நுழைய முடியாதவர்களும், வந்தாலும் மாதாமாதம் வருமா என்று நம்ப முடியாத குடும்பச் சூழலில் இருப்பவர்களும்தான் பகுதிநேரத்துக்கு வருகிறார்கள். 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா இறந்தபோது அவருக்கு வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகை நிலுவையில் இருந்தது. மாதச் சம்பளம் ஒன்றே ஒன்றாக இருக்கும் வீட்டில் அந்த ஏழு மாதத்தை யாரும் மறக்க மாட்டார்கள். நாங்கள் வேலையையும் ஆய்வையும் சேர்த்துச் சுமப்பது ஆசைப்பட்டு அல்ல.

அண்ணலின் வாழ்க்கையிலேயே இந்தக் கதை இருக்கிறது. லண்டனில் படிப்பைத் தொடங்கியவர், பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்பினார். நான்கு ஆண்டுகளுக்குள் வந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தது. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். சம்பளத்தில் சேமித்தார். 1920 மார்ச்சில் அந்த வேலையை விட்டு விலகினார். தன் சேமிப்போடு, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியையும் பார்சி நண்பர் நேவல் பதேனாவின் கடனையும் சேர்த்துக்கொண்டு லண்டன் போனார். ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வேட்டை 1922 அக்டோபரில் சமர்ப்பித்தார். 1923 மார்ச்சில் தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். அங்கேயே இருந்து திருத்தக் கையில் காசு இல்லை. பம்பாய்க்குத் திரும்பி வந்து திருத்தி அனுப்பித்தான் அந்த ஆண்டின் கடைசியில் பட்டம் பெற்றார்.

இதை அவருடைய விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே மேடையில் சொல்கிறோம். நான் வேறு மாதிரி படிக்கிறேன். ஆய்வை முடிக்க வேலையை விட வேண்டியிருந்தது. கடைசித் திருத்தத்துக்குக் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது. நூறு ஆண்டு கழிந்தும், வேலையா ஆய்வா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் அந்த ஏற்பாடு மாறவில்லை. அவருடைய படத்தை மாட்டிவைத்திருக்கும் கல்லூரிகளிலும் மாறவில்லை.

கல்லூரிக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். என் நண்பர் ஒருவர் அலைபேசிக் கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். சமூகவியலில் பகுதிநேர ஆய்வாளர். ஆய்வு செய்வதைக் கடையில் சொல்லவே இல்லை. சொன்னால், "படிச்சு முடிச்சா ஓடிடுவான்" என்று முதலில் அவரைத்தான் நிறுத்துவார்கள். வாய்மொழித் தேர்வுக்கு என்ன காரணம் சொல்லி விடுப்பு எடுத்தாய் என்று கேட்டேன். "சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம்னு சொன்னேன் தோழர். உடனே குடுத்தாங்க. மொய்க்கு நூறு ரூபாயும் குடுத்தார் முதலாளி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தன் வாழ்வின் பெரிய நாளைப் பொய்க் கல்யாணத்துக்குள் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது அவருக்கு. கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் எல்லாம் இந்தச் சமூகம் காரணமாக ஏற்றுக்கொண்டவை. நம் பிள்ளைகள் டாக்டர் பட்டம் வாங்குவது இன்னும் காரணமாகவில்லை.

முதல்வர் அறையிலிருந்து வெளியே வந்த அன்று மாலை நான் ஒரு கடிதம் எழுதினேன். அடுத்து இந்த நிலைக்கு வரும் தோழர்களுக்குப் பயன்படும் என்பதால் அப்படியே தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, பல்கலைக்கழக அறிவிப்பின்படி (நகல் இணைப்பு) எனது முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு வரும் புதன்கிழமை முற்பகல் 11 மணிக்கு நடைபெற உள்ளது. தேதியைப் பல்கலைக்கழகமே நிர்ணயித்துள்ளது. முன் ஏற்பாட்டுக்கும் திருத்திய படியை ஒப்படைப்பதற்கும் சேர்த்துச் செவ்வாய் முதல் வியாழன் வரை மூன்று நாட்களைப் பணி நிமித்த விடுப்பாக வழங்கக் கோருகிறேன். எனது கண்காணிப்புப் பணிகளை ஏற்க ஒப்புக்கொண்ட மூவரின் கையெழுத்தை இணைத்துள்ளேன். திரும்பியதும் பல்கலைக்கழகத்தின் வருகைச் சான்றை ஒப்படைப்பேன். கோரிக்கையை ஏற்க இயலாவிடில் காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் உயிர் கடைசி வரியில் இருக்கிறது. வாயால் மறுப்பது எளிது. எழுத்தில் மறுத்தால் அந்தத் தாள் நாளைக்கு எங்கே போகும் என்று யோசிப்பார்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அதையே மின்னஞ்சலிலும் அனுப்பினேன். "தயவுகூர்ந்து", "பணிவுடன்" என்ற சொற்களை வேண்டுமென்றே விட்டேன்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். மறுப்பு எழுத்தில் வரவில்லை. விடுப்பும் பாதிதான் வந்தது. தேர்வு நாளுக்கு ஒரு சி.எல். மற்ற இரண்டு நாள் சம்பளப் பிடித்தம். மாதம் 24,000 ரூபாய் சம்பளத்தில் 1,600 ரூபாய் போனது. அன்றைக்கு வந்தவர்களுக்கு மதியச் சாப்பாடு, தேர்வாளர்களுக்குச் சால்வை என்று எந்த விதியிலும் இல்லாத வழக்கத்துக்கு 14,000 போனது தனிக் கதை. அந்த விருந்து வழக்கத்தையும் நாம்தான் நிறுத்த வேண்டும்.

அரங்கத்தில் கடைசி வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தார். வருகைத் தாள் வந்தபோது தன் பெயரை நிதானமாக எழுதினார். கணினி அறையில் நடந்திருந்தால் அந்தத் தாளில் அவர் பெயர் இருந்திருக்காது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தடையின்மைச் சான்றில் இப்போது மூன்று வரி இருக்கிறது. நான்காவதாக ஒரு வரி வேண்டும்: "வாய்மொழித் தேர்வு நாளும் அதற்கு முந்தைய, பிந்தைய நாட்களும் பணிக்காலமாகக் கருதப்படும்." மானியக் குழு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சான்றின் படிவத்தை அச்சிடுவது ஒவ்வொரு பல்கலைக்கழகமும்தான். அடுத்த சேர்க்கைக்கே அந்த வரியைச் சேர்க்கலாம். நிறுவனங்கள் தங்கள் இஷ்டத்துக்கு நிபந்தனை எழுதிய சான்றை ஏற்க மாட்டோம் என்று சொல்லலாம். இரண்டாவதாக, கல்லூரி, அரசு அலுவலகம் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர் சம்மதித்தால், தேர்வு அறிவிப்பைப் பல்கலைக்கழகமே அவர் நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். அப்போது மனு கொடுப்பவர் ஆய்வாளராக இருக்க மாட்டார். தகவல் சொல்வது பல்கலைக்கழகமாக இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு அறை வாசலில் நிற்கும் வேலை மிச்சம்.

ஆய்வாளர் சங்கங்கள் உதவித்தொகை நிலுவைக்காகப் போராடுகின்றன. போராட வேண்டும். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் பகுதிநேர ஆய்வாளரின் இந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தோழர்களே. சேரும்போதே சான்றை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நான் வாசிக்கவில்லை.

எங்கள் துறையின் அந்த நோட்டில் அடுத்த பக்கம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. என் வரிக்கு எதிரே பென்சில் எழுத்து இன்னும் அழிக்கப்படாமல் இருக்கிறது. அடுத்த வருடம் எங்கள் துறையில் இன்னொரு தங்கைக்கு வைவா வரும். அவள் எழுதும் வரிக்கு நேராகப் பச்சை மை விழ வேண்டும். அதுவும் யாருடைய நல்ல மனசினாலும் அல்ல, விதியினால்.